இரண்டாவது ஆடியோ ஏறிவிட்டதா?

யூடியூபில் முன்பே வெளியான ஒரு தமிழ் வீடியோவுக்கு ஆங்கில டப்பிங்கைச் சேர்த்து, Publish பட்டனையும் அழுத்தியாயிற்று. சேனல்காரர் அடுத்த நிமிடமே வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி போடுகிறார்: இனி இந்த வீடியோவை இங்கிலீஷிலும் கேட்கலாம். கொஞ்ச நேரத்தில் பதில்கள் வரத் தொடங்குகின்றன. எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்கிறார். எனக்குத் தமிழ்தான் வருகிறது என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், நன்றாக இருக்கிறது என்கிறார். மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பட்டனை அழுத்துவதற்கும் பார்ப்பவர் காதில் அந்தக் குரல் விழுவதற்கும் நடுவே சில கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்க்கலாம். அந்தச் சோதனை எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு வீடியோவுக்குப் பல மொழிக் குரல்கள் என்ற வசதியை யூடியூப் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. தொடக்கத்தில் சில சேனல்களுக்கு மட்டுமே கிடைத்தது. அமெரிக்காவின் மிஸ்டர் பீஸ்ட் அதை முதலில் பயன்படுத்திப் பார்த்தவர்களில் ஒருவர். அதற்கு முன் அவர் ஸ்பானிஷ் பேசுபவர்களுக்காகத் தனியாக ஒரு சேனலே நடத்திக்கொண்டிருந்தார். அதே வீடியோ, வேறு குரல், வேறு சேனல். பார்வை எண்ணிக்கையும் கமெண்டுகளும் இரண்டாகப் பிரிந்து கிடந்தன. புதிய வசதி எல்லாவற்றையும் ஒரே வீடியோவுக்குள் கொண்டுவந்தது. 2025 செப்டம்பரில் இதை லட்சக்கணக்கான சேனல்களுக்கு விரிவுபடுத்துவதாக யூடியூப் அறிவித்த பிறகுதான் நம் ஊர்ச் சமையல், விவசாய, கைத்தொழில் சேனல்கள் பக்கமும் இது வந்தது.

ஒரு கதையை வைத்துக்கொண்டு பேசினால் எளிது. மானாமதுரையில் கடம் செய்யும் ஒரு குடும்பத்தைப் பற்றிய வீடியோ என்று வைத்துக்கொள்வோம். நீளம் 14 நிமிடம் 20 நொடி, அதாவது 860 நொடி. தமிழில் வெளியாகி ஓராண்டு ஆகிறது. கடத்துக்கு வெளிநாட்டிலும் ரசிகர்கள் உண்டு என்பதால் ஆங்கிலத்தில் ஒரு குரலைப் பதிவு செய்து சேர்க்கிறார்கள். வீடியோவை நீக்கவோ மறுபடி ஏற்றவோ இல்லை. பழைய லிங்க், பழைய கமெண்டுகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

இது எப்படிச் சாத்தியம்? யூடியூபில் நாம் பார்க்கும் வீடியோ ஒரே கோப்பாக வருவதில்லை. படம் தனி ஓடையாகவும் ஒலி தனி ஓடையாகவும் வருகின்றன. நம் போனிலோ கணினியிலோ உள்ள பிளேயர்தான் இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறது. ஆகவே புதிய குரலைச் சேர்க்கும்போது படத்தைத் தொடவேண்டிய தேவையே இல்லை. நாம் கொடுத்த ஒலிக்கோப்பை யூடியூப் தன் வடிவங்களுக்கு மாற்றி, அந்த வீடியோவின் ஒலிப் பட்டியலில் இன்னொரு வரியாகச் சேர்க்கிறது. வீடியோ பக்கம் திறக்கும்போது பிளேயருக்கு அந்தப் பட்டியல் கைக்கு வருகிறது. வரி அதில் இருந்தால் மெனுவில் மொழி தெரியும், இல்லாவிட்டால் தெரியாது.

இதிலிருந்தே முதல் குழப்பத்துக்கு விடை கிடைத்துவிடுகிறது. காலையிலிருந்து ஒரு டேபில் வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு, கியர் படத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பவர் பழைய பட்டியலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தை ரீலோட் செய்தால்தான் புதுப் பட்டியல் வரும். போனில் ஆப்பை முழுவதும் மூடிவிட்டுத் திறக்க வேண்டும். அற்ப விஷயம்தான். ஆனால் "வரவே இல்லை" என்ற புகார்களில் ஒரு பங்கு இந்த ஒரு காரியத்திலேயே தீர்ந்துவிடும்.

இனி சோதனைக்கு வருவோம். முதல் இடம் சேனல்காரரின் சொந்த அறை, அதாவது யூடியூப் ஸ்டுடியோ. இடது பக்க மெனுவில் Languages என்று ஒரு பகுதி இருக்கிறது. முன்பு இதை Subtitles என்றே போட்டிருந்தார்கள். அதில் கடம் வீடியோவைத் திறந்தால் மொழிக்கு ஒரு வரி: தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வரியிலும் தலைப்பும் விளக்கமும் ஒரு கட்டம், சப்டைட்டில் ஒரு கட்டம், ஆடியோ ஒரு கட்டம். ஆங்கில வரியில், ஆடியோவுக்குரிய கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். வேலை நடந்துகொண்டிருந்தால் அதற்கான குறிப்பு இருக்கும். முடிந்து வெளியானால் Published என்று மாறும். அவசரத்தில் பலர் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துவிடுகிறார்கள். ஆங்கில சப்டைட்டில் எப்போதோ வெளியாகி Published என்று நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ஆடியோவும் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆடியோவுக்கான கட்டமே கண்ணில் படவில்லை என்றால் அது செயலாக்கத்தின் தாமதம் இல்லை. வசதியே உங்கள் சேனலுக்குத் திறக்கவில்லை என்று பொருள். ஸ்டுடியோவின் Settings, அதில் Channel, அதில் Feature eligibility என்று போய், கூடுதல் வசதிகள் உங்கள் சேனலுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அதேபோல், மூல வீடியோவின் மொழி தமிழ் என்று வீடியோ விவரங்களில் குறித்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். பழைய வீடியோக்களில் இந்தப் பெட்டியைக் காலியாக விட்டிருப்பது சகஜம். சிலர் பழக்கதோஷத்தில் ஆங்கிலம் என்று போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் தமிழ்க் குரல் ஆங்கிலம் என்ற பெயரில் நிற்கும்; அதற்குப் பக்கத்தில் உண்மையான ஆங்கிலத்தை எந்தப் பெயரில் வைப்பது?

எவ்வளவு நேரம் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கோப்பின் நீளம், அப்போதைய கூட்டம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். கடிகாரத்தை நம்பி அறிவிப்பு போடக்கூடாது, நிலையைப் பார்த்துத்தான் போட வேண்டும். மறுநாளும் அதே நிலையில் நின்றால், அந்த டிராக்கை நீக்கிவிட்டுக் கோப்பைச் சரிபார்த்து மறுபடி ஏற்றுவதே நல்லது.

Published என்று வந்துவிட்டது. போதுமா? போதாது என்பதுதான் என் கட்சி. ஸ்டுடியோ சொல்வது யூடியூப் தன் வேலையை முடித்துவிட்டது என்பதை. பார்ப்பவரால் அந்த மொழியைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா, தேர்ந்தெடுத்தால் சரியான குரல் சரியான இடத்தில் வருகிறதா என்பதை ஸ்டுடியோ சொல்லாது. அதற்குப் பார்வையாளராக மாறித்தான் பார்க்க வேண்டும்.

பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, கணக்கில் நுழையாமல், வீடியோவின் லிங்கை ஒட்டுங்கள். ஓடத் தொடங்கியதும் பிளேயரின் கியர் படத்தை அழுத்துங்கள். Audio track என்று ஒரு வரி இருக்கிறதா? ஒரே ஒரு ஒலி உள்ள வீடியோவில் அந்த வரியே வராது. வரி வந்திருக்கிறது என்றாலே இரண்டாவது டிராக் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதை அழுத்தினால் மொழிகள் வரும். மூலக் குரலுக்குப் பக்கத்தில் original என்ற குறிப்பு இருக்கும். நம் கடம் வீடியோவில் தமிழுக்குப் பக்கத்தில் அது இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் இருந்தால், மேலே சொன்ன மொழிப்பெட்டிப் பிழை உங்களிடம் இருக்கிறது.

சொந்தக் கணக்கில் நுழைந்தபடியே பார்த்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். எந்தக் குரலை முதலில் ஓட்டுவது என்பதை யூடியூப் பார்ப்பவரின் மொழி விருப்பத்தையும் அவர் வழக்கமாக எதைப் பார்க்கிறார் என்பதையும் வைத்து முடிவு செய்கிறது. போனின் மொழியை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் சேனல்காரருக்குத் தன் வீடியோ திடீரென்று ஆங்கிலத்தில் பேசத் தொடங்கலாம். "ஐயோ, தமிழ் போய்விட்டதே!" என்று பதறி டிராக்கை நீக்கிவிடுபவர்கள் உண்டு. தமிழ் எங்கும் போகவில்லை, மெனுவில் இருக்கிறது. எதிர்ப்பக்கமும் நடக்கும். எப்போதும் தமிழே பார்ப்பவருக்குத் தமிழே வரும். அவர் ஆங்கிலம் ஏறவில்லை என்று நினைப்பார். தானாக என்ன வருகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. மெனுவைத் திறந்து பார்ப்பது ஒன்றே சாட்சி.

கணினியில் பார்த்தாயிற்று என்றால் போனிலும், முடிந்தால் டிவியிலும் ஒருமுறை பாருங்கள். இங்கேதான் உறவுக்காரர்கள் உதவுவார்கள். டொராண்டோவில் இருக்கும் மருமகனுக்கு போன் போட்டுக் கேட்கும் பேச்சு இப்படித்தான் போகும்:

"தம்பி, வீடியோவில் இங்கிலீஷ் வருதான்னு பாரேன்."

"வருது மாமா. ஓப்பன் பண்ணதுமே இங்கிலீஷ்தான்."

"அது நம்ம ஆள் பேசினதா? பொம்பளைக் குரலா, ஆம்பளைக் குரலா?"

"ஆம்பளைக் குரல் மாமா."

"அப்ப அது நம்மளுது இல்லடா."

மாமா கேட்ட கேள்வி சரியான கேள்வி. தகுதியுள்ள சேனல்களுக்கு யூடியூப் தானியங்கி டப்பிங்கும் செய்து தருகிறது. அது முன்பே அந்த வீடியோவில் ஆங்கிலத்தைச் சேர்த்திருந்தால், மெனுவில் English என்று தெரிவது நீங்கள் அனுப்பியது என்பதற்கு ஆதாரமாகாது. இயந்திரம் செய்த டப்பிங்காக இருந்தால் வீடியோ விளக்கத்தில் auto-dubbed என்ற குறிப்பு இருக்கும். அதைவிட நிச்சயமான வழி, காதால் கேட்பது. உங்கள் குரல் கலைஞரின் ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்து. சோதிப்பவரிடம் அந்த இடத்துக்குப் போய் அந்த வாக்கியம் வருகிறதா என்று கேட்டால் போதும். நன்றாக இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை.

இப்போது கேட்கும் வேலை. முதல் பத்து நொடியைக் கேட்டுவிட்டுத் திருப்தியடைவது மனித இயல்பு. ஆனால் இந்த வகைப் பிழைகள் பெரும்பாலும் முதல் பத்து நொடியில் இருப்பதில்லை. ஆகவே மூன்று இடங்களில் கேளுங்கள்: தொடக்கத்தில் ஒரு இடம், நடுவில் ஒன்று, கடைசி நிமிடத்தில் ஒன்று. படத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு தட்டலையோ கதவு சாத்துவதையோ குறியாக வைத்துக்கொண்டால் எளிது.

கடம் வீடியோவில் அந்தக் குறிக்குப் பஞ்சமே இல்லை. ஈர மண்ணின் உள்ளே ஒரு கையும் வெளியே மரத்தட்டையுமாக வைத்துத் தட்டித் தட்டித்தான் கடத்தை உருவாக்குகிறார்கள். தட்டை மேலே எழும்பி இறங்குவது படத்தில் தெரியும்; ஓசை அதோடு ஒட்டி விழ வேண்டும். மூன்று விதமாக இது கெடலாம். எந்த விதத்தில் கெட்டிருக்கிறது என்பதே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓசை ஒரே அளவு முந்தி வருகிறது என்றால், ஒலிக்கோப்பின் தலையை யாரோ வெட்டியிருக்கிறார்கள். வீடியோவின் முதல் எட்டு நொடி பேச்சில்லாத தலைப்புக் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். குரல் பதிவில் அந்த எட்டு நொடி மௌனம். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் ஏற்றுமதி செய்யும்போது தொடக்கத்தில் உள்ள வெற்றிடத்தை விட்டுவிடச் சொல்லும் தேர்வு ஒன்று உண்டு. அதில் டிக் இருந்தால் கோப்பு நேராகப் பேச்சிலேயே தொடங்கும்; முழு வீடியோவும் எட்டு நொடி முந்திக்கொள்ளும். இதற்கு மருந்து, அந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்வதுதான்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகுகிறது என்றால் அது வேகக் கோளாறு. வீடியோ நொடிக்கு 23.976 ஃப்ரேம், ஒலியைத் தயாரித்தவர் எடிட்டிங் திட்டத்தை 24 என்று வைத்து அதற்கேற்ப ஒலியை இழுத்தோ சுருக்கியோவிட்டார். வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். முதல் நிமிடத்தில் யாருக்கும் தெரியாது. 860 நொடி ஓடி முடியும்போது ஏறத்தாழ 0.86 நொடி விலகியிருக்கும். தட்டை இறங்கும் கணத்துக்கு முந்தியோ பிந்தியோ ஓசை கேட்கும். கடைசி நிமிடத்தைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

மூன்றாவது, ஓசையே இல்லை. ஆங்கிலத்தில் குரல் வருகிறது. தட்டல் இல்லை, சூளையின் சத்தம் இல்லை, பின்னணி இசை இல்லை. இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பல மொழி டிராக் என்றால் மூல ஒலிக்கு மேல் குரல் ஒட்டப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பார்ப்பவர் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் டிராக் முழுவதும் நிறுத்தப்பட்டு, அதன் இடத்தில் ஆங்கில டிராக் முழுவதும் ஓடும். எனவே நீங்கள் அனுப்பும் கோப்பில் குரலோடு இசையும் சூழல் ஓசையும் கலந்தே இருக்க வேண்டும். டப்பிங் ஸ்டுடியோவில் "எம் அண்ட் இ" என்பார்கள்: பேச்சு நீங்கலான இசையும் ஓசைகளும். முதல் வீடியோவை எடிட் செய்தபோதே அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தால் இரண்டாவது மொழிக்கு வேலை பாதி. வைத்திருக்காவிட்டால், பழைய எடிட்டிங் கோப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். யூடியூப் தன் வேலையைச் சரியாகவே முடித்திருக்கும். ஆனால் கடம் செய்யும் வீடியோவில் மண் பேசாமல் இருக்கும்.

நீளப் பொருத்தத்தை ஏற்றுவதற்கு முன்பே சரிபார்த்துவிடுவது நல்லது. துணை டிராக் வீடியோவின் நீளத்தையே ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும் என்பது யூடியூபின் விதியும்கூட. பெரிய வித்தியாசம் இருந்தால் கோப்பு ஏற்றுக்கொள்ளப்படாமல் போகலாம். ffmpeg நிறுவிய கணினியில் ffprobe என்ற சிறு கருவி கூடவே இருக்கும். கோப்பின் நீளத்தை நொடியில் அது சொல்லிவிடும்:

```
ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 kadam.mp4
ffprobe -v error -show_entries format=duration -of csv=p=0 kadam-english.wav
```

முதல் வரிக்கு 860-ஐ ஒட்டி ஓர் எண் வரும். இரண்டாவதற்கும் அதே எண்ணை ஒட்டி வர வேண்டும். 852 என்று வந்தால் எட்டு நொடி எங்கே போயிற்று என்று யோசிக்க வேண்டாம். தலைப்புக் காட்சியின் மௌனம் போயிருக்கிறது. கட்டளைகள் பழக்கமில்லாதவர்கள் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து விவரங்களைப் பார்த்தாலே நிமிடமும் நொடியும் தெரியும். அதுவும் போதும்.

யூடியூப் தன் பக்கத்தில் என்ன வைத்திருக்கிறது என்பதைப் பட்டியலாகவே பார்க்க விரும்புபவர்களுக்கு இன்னொரு கருவி இருக்கிறது: yt-dlp. வீடியோக்களைத் தரவிறக்கும் மென்பொருள் என்றே இதைப் பலருக்குத் தெரியும். ஆனால் எதையும் இறக்காமல், ஒரு வீடியோவுக்கு என்னென்ன படம், என்னென்ன ஒலி இருக்கின்றன என்று பட்டியலிட மட்டும் கேட்கலாம். நாம் செய்யப்போவது அவ்வளவுதான், அதுவும் நம் சொந்த வீடியோவுக்கு.

```
yt-dlp -F "https://www.youtube.com/watch?v=VIDEO_ID"
```

VIDEO_ID என்ற இடத்தில் உங்கள் வீடியோ எண்ணைப் போட வேண்டும். நீளமான பட்டியல் வரும், பெரும்பாலானவை படத்துக்கானவை. audio only என்று இருக்கும் வரிகளை மட்டும் கவனியுங்கள். கடம் வீடியோவில் இரண்டு டிராக்கும் ஏறிவிட்டால், தேவையற்ற பத்திகளை விட்டுச் சொன்னால், அவை இதுபோல் இருக்கும்:

```
140-0  m4a  audio only  13.28MiB  129k  [en] English
140-1  m4a  audio only  13.28MiB  129k  [ta] Tamil original (default)
```

140 என்பது யூடியூபின் வழக்கமான ஒலி வடிவம் ஒன்றின் எண். ஒரே ஒரு டிராக் இருந்தால் வெறும் 140 என்று இருக்கும். இரண்டாவது மொழி சேர்ந்ததும் கோடு போட்டு 0, 1 என்று பிரிகிறது. எண்களின் வரிசைக்குப் பொருள் தேட வேண்டாம். கட்டத்துக்குள் இருக்கும் மொழிக் குறியையும் original என்ற சொல்லையும் பாருங்கள். en என்ற வரியே இல்லாவிட்டால், யூடியூப் இன்னும் அந்த டிராக்கை வெளியே விடவில்லை என்று முடிவுக்கு வரலாம். அதற்கு முன் கருவி பழையதாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யூடியூப் தன் உள்வேலைகளை மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், சில மாதம் புதுப்பிக்காத yt-dlp அரைகுறைப் பட்டியலைக் காட்டலாம். yt-dlp -U என்று கொடுத்தால் பெரும்பாலும் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது கோப்பளவு இருக்கும் பத்தி. இந்த வடிவத்தில் பேச்சோ இசையோ எதுவாக இருந்தாலும் நொடிக்கு ஏறத்தாழ 129 கிலோபிட் செலவாகும். நிமிடத்துக்கு ஒரு எம்பிக்குச் சற்றுக் குறைவு. ஒரே வீடியோவின் இரண்டு டிராக்குகளும் ஒரே நீளம் என்றால் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்க வேண்டும். தமிழ் 13.28 என்றும் ஆங்கிலம் 11.4 என்றும் காட்டினால், ஆங்கிலம் சுமார் இரண்டு நிமிடம் முன்பே முடிந்துவிடுகிறது என்று கேட்காமலேயே சொல்லிவிடலாம். கேட்டு உறுதி செய்வது பிறகு.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் சிலர் இதையெல்லாம் விட்டுவிட்டு யூடியூபின் தரவு ஏபிஐயைக் கேட்பார்கள். அதில் processingDetails என்ற பகுதியில் processingStatus என்று ஒன்று உண்டு. Succeeded என்று பதில் வரும். பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அது முதலில் ஏற்றிய வீடியோக் கோப்பைப் பற்றிய பதில். ஓராண்டுக்கு முன் வெளியான கடம் வீடியோவுக்கு, ஆங்கிலத்தைச் சேர்ப்பதற்கு முந்தைய நாளிலும் அதே succeeded தான் வந்திருக்கும். fileDetails பகுதியில் காட்டும் ஒலி விவரங்களும் அந்த மூலக் கோப்புக்கு உரியவையே. இரண்டாவது டிராக்கின் நிலையை அங்கே தேடினால் எப்போதும் நல்ல செய்திதான் கிடைக்கும்.

எல்லாம் பார்த்து, ஆங்கில டிராக்கில் தட்டல் ஓசை விட்டுப்போனது தெரிய வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டுடியோவில் ஆங்கில வரிக்குப் போய் அந்த ஆடியோவை நீக்கிவிட்டுப் புதிய கோப்பை ஏற்ற வேண்டும். நீக்கிய நேரம் முதல் புதியது வெளியாகும் வரை ஆங்கிலம் மெனுவில் இருக்காது. அந்த நேரத்தில் பார்ப்பவர்களுக்குத் தமிழ் வரும், வீடியோ தடைபடாது. மறுபடி எல்லாச் சோதனையும் முதலிலிருந்து. ஏனென்றால் யூடியூபுக்கு இது முற்றிலும் புதிய கோப்பு. குழுக்களில் அறிவிப்பு போட்டாயிற்று என்றால், புகார் வரும் முன்பே ஒரு வரி கமெண்டில் பின் செய்து வைத்துவிடலாம்: ஆங்கிலக் குரலைச் சரிசெய்கிறோம், நாளை பாருங்கள் என்று.

டிராக் சரியாக ஏறி, மெனுவிலும் தெரிந்து, குரலும் ஓசையும் படத்தோடு ஒட்டி வந்த பிறகும் ஆங்கிலத்தில் யாரும் கேட்காமல் இருக்கலாம். ஸ்டுடியோவின் Analytics பகுதியில் Advanced mode-ஐத் திறந்து Audio track வாரியாகப் பிரித்துப் பார்த்தால், எந்தக் குரலில் எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்கள் என்று தெரியும். அந்தக் கணக்கு வர ஓரிரு நாள் ஆகும் என்பதால் அன்றே பார்த்து ஏமாற வேண்டாம். ஒரு வாரம் கழித்தும் ஆங்கில வரியில் ஒன்றும் இல்லை என்றால் Languages பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள். ஆங்கில வரியில் தலைப்பும் விளக்கமும் உள்ள கட்டம் காலியாக இருக்கும். குரல் ஆங்கிலம், தலைப்பு மட்டும் தமிழ். டொராண்டோவில் தமிழ் படிக்கத் தெரியாதவர் தேடல் பட்டியலில் பார்ப்பது தனக்குப் புரியாத எழுத்து. அவர் அதை அழுத்தப்போவதில்லை. அந்தக் கட்டத்தில் ஆங்கிலத் தலைப்பையும் விளக்கத்தையும் எழுதி வெளியிடுங்கள். குரலைப் பதிவு செய்ய எடுத்த நேரத்தில் நூறில் ஒரு பங்குகூட அதற்கு ஆகாது.